வராதவங்களுக்கு வெறும் லிங்க் போதுமா?

உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்காக, குறிஞ்சிப்பிட்டியில் இருந்து நாங்க சூம் வழியாக ஒரு கூட்டம் நடத்தினோம். பெயர் பதிஞ்சது 52 பேர், வந்தது 19 பேர். அடுத்த நாள் காலையில் எல்லாருக்கும் "உங்களைக் காணவில்லை, வருந்துகிறோம்" என்று ஒரு மின்னஞ்சலும் ஒளிப்பதிவு லிங்க்கும் அனுப்பிவிட்டு, கடமை முடிஞ்சுது என்று இருந்தோம். பதில் சொன்னது ஒரே ஒரு ஆள்: "நான் வந்தேனே!"

அவ சொன்னது சரிதான். தன்ட தோழியின் போனில், தோழியின் லிங்க்கில் சேர்ந்து பார்த்திருக்கிறா. சூம் தருகிற வருகை அறிக்கை, பதிஞ்ச மின்னஞ்சலைத்தான் பார்க்கும். ஒரு போனுக்கு முன்னால் எத்தனை பேர் இருந்தாங்க என்று அதுக்குத் தெரியாது. மறுபக்கம், நாலு நிமிஷத்தில் டேட்டா முடிஞ்சு வெளியேறினவரும் அதில் "வந்தவர்" தான். அதனால் இப்ப நாங்க எத்தனை நிமிஷம் இருந்தாங்க என்ற நிரலையும் பார்க்கிறோம். பத்து நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தவரும் எங்களுக்கு வராதவர் மாதிரித்தான். "நீங்க வரல்ல" என்று யாருக்கும் எழுதுவதில்லை. கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு வைச்சதே எங்கட பிழை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், வீட்டில் இருக்கிற ஒரே போன் பிள்ளையின் கையில் இருக்கும் என்று எப்படி நம்பினோம்?

ஒளிப்பதிவு மட்டும் ஏன் போதாது என்பதற்கு அந்தக் கூட்டத்தின் விஷயமே சாட்சி. விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். இசட் புள்ளி எட்டுகிற பாடநெறிகளில் மேலே எழுதினது எதுவோ அது கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்படாது. நிறையப் பேர் "பாதுகாப்புக்கு" என்று குறைந்த வெட்டுப்புள்ளி உள்ளதை முதலாவதாகப் போடுகிறாங்க. அதுவே கிடைத்துவிடும், உண்மையில் ஆசைப்பட்டது, புள்ளி எட்டியிருந்தாலும், கை விட்டுப் போகும். இன்னும் சிலர் கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு, "நமக்கு எட்டாது" என்று அந்தப் பாடநெறியையே எழுதாமல் விடுகிறாங்க. பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பார்க்க வேண்டியது புத்தளம் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை. இதெல்லாம் ஒளிப்பதிவில் இருக்கிறது. ஆனா தான் பிழை விடுகிறேன் என்று தெரியாதவர் அந்த நிமிஷத்தைத் தேடிப் போக மாட்டார். "உன் பட்டியலைக் காட்டு" என்று ஒரு ஆள் கேட்டால்தான் பிழை தெரியும். அதனால்தான் நேரடிக் கேள்வி நேரம்தான் முக்கியம், ஒளிப்பதிவு அதுக்குத் துணை என்கிறோம்.

இரண்டாம் முறை 24 மணித்தியாலத்துக்குள் வட்ஸ்அப்பில் இப்படி எழுதினோம்: "பல்கலைக்கழக விண்ணப்பக் கூட்டத்துக்குப் பெயர் தந்திருந்தீங்க. முழு ஒலிப்பதிவு 29 எம்பி. விருப்ப ஒழுங்கு எப்படி எழுதுவது என்பது 22ஆம் நிமிஷத்தில் இருக்கு. சனிக்கிழமை காலை 9.30க்கு அரை மணித்தியாலம் கேள்விக்கு மட்டும் இருப்போம். உங்கட பட்டியலை முதல் நாளே அனுப்பலாம், குரல் பதிவாகவும் கேட்கலாம்." ஒரு மணித்தியால ஒலியை 64 கேபிபிஎஸ்ஸில் சேமித்தால் இந்த அளவுதான் வரும். எவ்வளவு டேட்டா போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆட்கள் திறப்பாங்க. கேட்டவர்களின் பெயரும் புள்ளியும் பதிவில் வந்த இடங்களை வெட்டிவிட்டே அனுப்பினோம்.

ஒரு குழு தொடங்கி எல்லாரையும் அதில் போடுவது லேசு. ஆனா பிள்ளைகளின் நம்பர் முன்பின் தெரியாதவர்களுக்குப் போகும். ஒளிபரப்புப் பட்டியல் என்றால், எங்கட நம்பரைச் சேமித்து வைச்சவர்களுக்கு மட்டும்தான் செய்தி சேரும். ஆகவே ஒவ்வொருத்தராக அனுப்பினோம். முப்பத்துச் சொச்சம் பேருக்கு அது ஒரு பின்னேர வேலைதான்.

சனிக்கிழமை வந்தது ஏழு பேர். சின்ன எண்ணிக்கைதான். அதில் மூணு பேரின் பட்டியல் தலைகீழாக இருந்தது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் நாள் இருந்ததால் திருத்த முடிந்தது. திகதி முடிஞ்ச பிறகு கேள்வி நேரம் வைச்சிருந்தால் அது வெறும் ஆறுதல் கூட்டம்.

பதில் சொல்லாதவர்களுக்கு மூன்றாம் தடவை எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா முதல் தடவை நாங்க அனுப்பின அந்த "வருந்துகிறோம்" மின்னஞ்சல், வந்தவளையே வரவில்லை என்றது. நிகழ்வு நடத்துகிற நண்பர்களே, அடுத்த முறை லிங்க் அனுப்புமுன் அதில் ஒரு நேரமும், பதில் சொல்ல ஒரு ஆளும் இருக்கா என்று பாருங்க.