படிக்க வச்சோம் இல்ல, படிச்சா



சம்பா அறுப்பு முடிஞ்சு நெல்லு களத்துல கிடக்கு. கொள்முதல் நிலையத்துல எங்க முறை வர இன்னும் ரெண்டு நாளாகுமாம். தார்ப்பாயைப் போர்த்திவிட்டு காவலுக்கு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், மனசுல ரொம்ப நாளா கிடக்கிற ஒரு விஷயத்தை எழுதிடறேன். யாருக்காவது கோபம் வந்தா வரட்டும்.

என் தங்கச்சி குரூப் 1 தேர்வில் தேறி, வணிகவரித் துறையில் உதவி ஆணையரா தேர்வாகியிருக்கா. இந்தப் பதிவு அவளுக்கு வாழ்த்து இல்லை. வாழ்த்து ஏற்கெனவே சொல்லியாச்சு. இது நாம வாழ்த்துற லட்சணத்தைப் பத்தின பதிவு. அவகிட்ட முழுசா படிச்சுக் காட்டி, "போடு" என்று சொன்ன பிறகுதான் போடறேன். பேரு மட்டும் வேண்டாம்னா. அதனால பேரு இருக்காது.

முதல்ல பேனர். முடிவு வந்த மறுநாளே பஸ் ஸ்டாப்புல எங்க பயலுக ஒரு பிளக்ஸ் கட்டிட்டாங்க. 12 அடி நீளம், 8 அடி உயரம். கணக்குப் போட்டா 96 சதுர அடி. அதில் தங்கச்சியோட பாஸ்போர்ட் போட்டோ மேல இடது மூலையில், கூடிப்போனா 2 சதுர அடி. மிச்ச இடமெல்லாம் யாருன்னு நினைக்கிறீங்க? கீழ வரிசையா 23 தலைங்க. ஒருத்தர் கூலிங் கிளாஸோட, ஒருத்தர் காதுல போனோட. நடுவுல கையைக் கட்டிக்கிட்டு ஆளுயரத்துக்கு ஒரு உருவம். கிட்டப் போய்ப் பார்த்தா அது நான்! "வாழ்த்த வயதில்லை வணங்குகிறோம்" என்று ஒரு வரி, அதுக்குக் கீழ என்னோட பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு. அவ பேரைத் தேடிக் கண்டுபிடிக்கணும். பஸ்ஸுல போற ஆளு பார்த்தா, நான்தான் ஏதோ தேர்தலில் நிக்கிறேன்னு நினைச்சிருப்பார்.

பயலுகளைத் திட்டலாம்னு வாயைத் திறந்தேன். திட்ட முடியலை. காரணம், முந்தின ராத்திரி ஊர் வாட்ஸ்அப் குழுவுக்காக நான் எழுதி வச்சிருந்த வாழ்த்தும் அதே பேனர்தான். போட்டோதான் இல்லை.

அதை அனுப்புறதுக்கு முன்னாடி அவகிட்ட காட்டினேன். பொறுமையா படிச்சா. சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, இதுல பரீட்சை எழுதினது யாரு?" என்றாள். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. கோபம்கூட வந்தது, பொய் சொல்ல மாட்டேன். போனை வாங்கிக்கிட்டு வயலுக்குப் போயிட்டேன். வரப்புல உட்கார்ந்து மறுபடி படிச்சப்பதான் புரிஞ்சது.

பதினான்கு வாக்கியம் இருந்தது. ஒவ்வொண்ணோட கடைசி வார்த்தையையும் மட்டும் பார்த்தேன். நம்ம பாஷையில ஒரு வசதி உண்டு. யார் செஞ்சாங்கன்னு வினையோட வாலே காட்டிக் கொடுத்துடும். "நான்" என்ற வார்த்தையை நாசூக்கா எடுத்துட்டாலும் "ஏன்", "ஓம்" என்று முடிஞ்சா அது என் கதை. "ஆள்", "ஆர்" என்று முடிஞ்சாத்தான் அவ கதை. என் வாழ்த்தில் என்ன இருந்தது? படிக்க வைத்தோம். சென்னைக்கு அனுப்பினோம். தைரியம் சொன்னேன். பெருமைப்படுகிறேன். கண் கலங்கினேன். பதினொன்று என்னுது. மூணுதான் அவளுது. அந்த மூணுல ஒண்ணு "என் பேச்சைத் தட்டியதே இல்லை".

இதுல பெரிய திருட்டு வார்த்தை "படிக்க வைத்தோம்" என்பதுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாத்து நட்டது ஒருத்தர், நட வச்சது இன்னொருத்தர் என்றால் இடுப்பு ஒடிஞ்சது யாருக்கு? தம்பி பாஸ் பண்ணினா "அவன் கில்லாடிடா" என்கிறோம். தங்கச்சி பாஸ் பண்ணினா மட்டும் "அண்ணன்காரன் படிக்க வச்சான், பரவாயில்லை" என்கிறோம். ஊர்ல எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருக்கேன். நானும் சொல்லியிருக்கேன்.

அவ செஞ்சது என்னன்னு தெரிஞ்சாத்தான் இந்தத் திருட்டோட அளவு தெரியும். குரூப் 1-க்கு முதல்நிலைத் தேர்வு 200 கேள்வி, மூணு மணி நேரம். அதுல வடிகட்டினவங்களுக்கு முதன்மைத் தேர்வு. தமிழ்த் தகுதித் தாள் ஒண்ணு, அதுக்கப்புறம் பொது அறிவு மூணு தாள். தாளுக்கு 250 மதிப்பெண். இதுல வட்டத்தைக் கருப்பாக்குற வேலை கிடையாது. ஒவ்வொரு தாளும் மூணு மணி நேரம் கையால எழுதித் தள்ளணும். அப்புறம் நேர்முகத் தேர்வு 100. அந்தப் பொது அறிவு மூணு தாளும் நேர்முகமும் சேர்ந்து வர்ற வரிசையை வச்சுத்தான் எந்தப் பதவின்னு முடிவாகும். இதுல ஒரு தாளாவது நான் எழுதினேனா? ஒரு வரியாவது?

எங்க பெரியப்பா ஒத்துக்கலை. "ஏன்டா, செஞ்சதைச் சொல்றதுல என்ன தப்பு? குடும்பமே சேர்ந்துதானே கஷ்டப்பட்டுச்சு" என்றார். நியாயமான கேள்வி. குடும்பத்தோட பங்கு இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஆனா அதைச் சொல்ல வேண்டிய வாய் எது? அவ வாய். அவளாச் சொன்னா அது நன்றி. அவளோட சந்தோஷ நாளில் ஊரைக் கூட்டி வச்சு நான் சொன்னா, அது மொய் நோட்டு. இன்னார் இவ்வளவு செஞ்சார்னு எழுதிவச்சு, திருப்பிச் செய்யணும்னு காத்திருக்கிற கணக்கு. வாழ்த்தை மொய்யாக்கிட்டா, நாளைக்கு அவ ஒரு விஷயத்தில் "முடியாது அண்ணே" என்று சொன்னாக்கூட ஊரு அந்த நோட்டைப் புரட்டும். "படிக்க வச்சவனுக்கே இப்படியா" என்பாங்க. அவ கல்யாணப் பேச்சு வரைக்கும் அந்த நோட்டு கூட வரும்.

பெரியப்பா கொஞ்ச நேரம் வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்தார். "அப்ப என்னத்தைத்தான் எழுதுவே?" என்றார்.

அதான் கஷ்டம். என்னை எடுத்துட்டா மிச்சம் இருந்தது கவர்மெண்ட் நோட்டீஸ் மாதிரி வறட்டு வாக்கியம். அதை யாரு வேணா எழுதலாம், அண்ணன் எதுக்கு? கடைசியில ஒரு வழி பிடிபட்டது. அண்ணன் சாட்சியா நிக்கலாம். கூடவே இருந்த ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு காட்சியைச் சொல்லலாம். ஆனா அந்தக் காட்சியில வேலை செய்யறது அவளா இருக்கணும். இப்படி எழுதினேன்:

"(இனிஷியலோட அவ முழுப்பேரு) குரூப் 1 தேர்வில் வெற்றி பெற்று, வணிகவரித் துறை உதவி ஆணையராகத் தேர்வாகியிருக்கிறார். எழுத்துத் தேர்வுக்குத் தயாரான மாதங்களில், தினமும் விடியலில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நிறுத்தாமல் எழுதிப் பழகினார். விரல் வீங்கிய நாளில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுதினார். அந்த நோட்டுகள் ஒரு சாக்கு நிறைய வீட்டில் இருக்கின்றன. வாழ்த்துகள் தங்கச்சி. நம்ம ஊருக்குப் பெரிய சந்தோஷம்."

அவ்வளவுதான். வீட்டுல "வா, போ"தான். ஆனா ஊருக்கு முன்னாடி "பழகினார், எழுதினார்" என்றே போட்டேன். அண்ணன் எப்படிச் சொல்றானோ அப்படித்தான் ஊரும் சொல்லும்.

இதிலும் அவ ரெண்டு திருத்தம் பண்ணினா. ஒண்ணு, முந்தைய பரீட்சைகளைப் பத்தி நான் எழுதியிருந்த ஒரு வரியை அடிச்சா. விழுந்து எழுந்த கதை கேட்கிறவங்களுக்கு உருக்கமா இருக்கும், ஆனா அது அவளோட கதை. எப்ப, யார்கிட்ட சொல்லணும்னு அவதான் முடிவு பண்ணணும். அதனால இங்கேயும் சொல்ல மாட்டேன். ரெண்டாவது, பதவியை. "எங்க வீட்டுக் கலெக்டர்" என்று ஆசையா போட்டிருந்தேன். "நான் கலெக்டர் இல்லண்ணே. அப்படிப் போட்டா பார்க்கிறவங்க எல்லாருக்கும் இல்லை இல்லைன்னு விளக்கம் சொல்லியே எனக்குப் பாதி சந்தோஷம் போயிடும்" என்றாள். நிசந்தான். இருக்கிறதைவிடப் பெருசா சொன்னா, இருக்கிறது சின்னதாத் தெரியும். குரூப் 1-ல துணை ஆட்சியர் பதவியே வேற, மாவட்ட ஆட்சியர் வேற. நம்ம ஊர்ல ஜீப்புல வர்ற எல்லாருமே கலெக்டர்தான்! எந்தப் பதவியோ அதை அதோட பேரால சொல்லுங்க. புரியலைன்னா அவளே சொல்லிக் கொடுப்பா. வரி வசூல், கடை ஆய்வுன்னு அவ பெரியப்பாவுக்குச் சொன்ன அழகே தனி.

குழுவுல போட்டதும் வரிசையா பதில் வந்தது. "உங்க தியாகத்துக்குக் கிடைச்ச பரிசு அண்ணே" என்று நாலு பேர். இந்த இடத்தில்தான் வழுக்கும். "எல்லாம் கடவுள் செயல், என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்" என்று அடக்கமா பதில் போட்டாலும் பேச்சு நம்ம பக்கம் திரும்பிடும். அடக்கம்கூட ஒரு பேனர்தான். நான் எல்லாருக்கும் ஒரே பதில் போட்டேன்: "எழுதினது அவ. நீங்க சொன்னதா அவகிட்ட சொல்லிடறேன்." சொல்லவும் செஞ்சேன்.

பயலுக பேனரைக் கழட்டிட்டாங்க. நல்ல பசங்கதான், பாசத்துல கட்டினதுதான். ஆனா 2019-ல சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டர்ல போன சுபஸ்ரீங்கற பொண்ணு உயிரே போச்சு. அந்த வயசுப் பொண்ணு ஒருத்திய வாழ்த்துறதுக்கு நமக்கு ரோட்டோரப் பிளக்ஸ்தான் கிடைச்சுதா? அந்தக் காசுல இப்ப நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரு கரும்பலகை வாங்கறதா பேச்சு. அதுல "உபயம்" என்று 23 பேரை எழுதிடாதீங்கடான்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல பாராட்டுக் கூட்டம். என்னை மைக்குக்குக் கூப்பிட்டாங்க. அந்த வரிகளைத்தான் சொன்னேன், ஒரு நிமிஷம்கூட ஆகலை. அப்புறம் அவ பேசினா. எங்க அம்மாவைப் பத்தி, வீட்டைப் பத்தி, என்னைப் பத்தியும் கொஞ்சம் பேசினா. என்ன பேசினாங்கறதை இங்கே எழுத மாட்டேன். கேட்கணும்னா அன்னைக்குக் கூட்டத்துல இருந்தவங்களைக் கேட்டுக்கோங்க.

வானம் மூட்டம் போடுது. நெல்லை மூடணும். வரேன்.