டியூ திரும்பினால் எவ்வளவு தண்டம்? பத்திரத்தோடு ஒட்டிப் பார்ப்போம்!

கடைமடை விவசாயப் பெருமக்களே!

தை மாசம் அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டிராக்டர் டியூ என்றைக்கு என்பது மட்டும் நமக்கு மனப்பாடம். ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி காலையிலேயே பேங்க் கணக்கில் கை வைத்துவிடுவார்கள். கணக்கில் பணம் இல்லை என்றால் டியூ திரும்பிப் போகும். அன்றிலிருந்து தண்டம் ஏறும்.

தண்டமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுத்தான் கடன் வாங்கினோம். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பத்திரத்தில் எழுதின தண்டமும் நம்மிடம் பிடிக்கிற தண்டமும் ஒன்றா? அதன்மேல் வரி போடுகிறார்களே, அது எந்தக் கணக்கில்?

செம்பனார்கோயில் பக்கத்து விவசாயி ஒருவர் தன் கடன் காகிதங்களை மஞ்சள் பையில் போட்டு நம்மிடம் எடுத்து வந்தார். தனியார் ஃபைனான்ஸ் ஒன்றில் டிராக்டர் கடன். 2024 அக்டோபருக்குப் பிறகு வாங்கியது. ஆறு மாசத்துக்கு ஒரு தவணை, தவணைக்கு 60,000 ரூபாய். பிப்ரவரி 5 அன்று டியூ. நெல் போட்ட பணம் வரவில்லை, டியூ திரும்பியது. பத்தாம் தேதி மறுபடி போட்டார்கள், அதுவும் திரும்பியது. கொள்முதல் பணம் ஏறின பிறகு 20 ஆம் தேதி முழுத் தவணையையும் கட்டிவிட்டார். பதினைந்து நாள் தாமதம். அதற்குக் கம்பெனி ஸ்டேட்மெண்டில் ஏற்றியிருந்த தண்டம் 2,832 ரூபாய்!

"ஃபைனான்ஸ்னா அப்படித்தாங்க, கட்டித்தான் ஆவணும்" என்றார் அவர். அவரை உட்கார வைத்து மூன்று காகிதத்தை வரிசையாக விரித்தோம். ஒன்று கடன் பத்திரத்தின் கட்டண அட்டவணை. இரண்டாவது கம்பெனி கொடுத்த ஸ்டேட்மெண்ட். மூன்றாவது அவருடைய பேங்க் பாஸ்புக். இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், கணக்கு தானே வாயைத் திறக்கும்.

முதலில் பவுன்ஸ் கட்டணம். பத்திரத்தில், தவணை திரும்பும் ஒவ்வொரு முறைக்கும் 500 ரூபாய் என்று இருந்தது. ஸ்டேட்மெண்டில் மூன்று முறை போட்டிருந்தார்கள். பாஸ்புக்கில் தேதி போட்டுத் தேடினோம். பிப்ரவரி 5 அன்று ஒரு ரிட்டர்ன், 10 அன்று ஒரு ரிட்டர்ன். அவ்வளவுதான். மூன்றாவது முறை டியூ பேங்குக்குப் போகவே இல்லை! போகாத டியூ எப்படித் திரும்பும்? பாஸ்புக் போடாமல் விட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாவது தாமதக் கட்டணம். பத்திரத்தில், பாக்கி நிற்கிற தவணைத் தொகைக்கு மாசம் 2 சதவீதம், தாமதமான நாளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. 60,000 ரூபாய்க்கு மாசம் 1,200, பதினைந்து நாளைக்கு 600. ஸ்டேட்மெண்டில் இருந்தது 900. அதாவது 3 சதவீதம் போட்டிருக்கிறார்கள். ஒரு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். தண்டத்தில் பாதி அளவு கூடுதலாகப் போய்விட்டது.

மூன்றாவது வரி. ஒவ்வொரு 500 ரூபாய்க்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 90 ரூபாய் சேர்த்து 590. தாமதக் கட்டணம் 900 ரூபாய்க்கு 162 சேர்த்து 1,062. ஆக மூன்று 590 என்றால் 1,770, அதோடு 1,062 சேர்த்து 2,832. இந்தத் தொகை இப்படித்தான் வந்தது.

இந்த வரியைப் பற்றித்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வரி என்று அச்சடித்துவிட்டால் நாம் கேள்வி கேட்பதில்லை. சர்க்கார் வரிதானே என்று விட்டுவிடுகிறோம். ஜி.எஸ்.டி. என்பது பொருளுக்கும் சேவைக்கும் போடுகிற வரி. டியூ தவறியதற்கு அடிக்கிற அபராதத்தில் என்ன சேவை இருக்கிறது? இந்தக் கேள்விக்கு மத்திய அரசின் வரித்துறையே பதில் சொல்லிவிட்டது. 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178 ஆம் எண் சுற்றறிக்கையில், செக் திரும்பியதற்குப் போடுகிற அபராதம் எந்தச் சேவைக்கும் கொடுக்கிற விலை ஆகாது, அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று விளக்கியிருக்கிறார்கள். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய 55 ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சிலும், கடன் நிபந்தனையை மீறியதற்காக வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் வசூலிக்கிற தண்டக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று பரிந்துரைத்தது. அதை 2025 ஜனவரி 28 தேதியிட்ட 245 ஆம் எண் சுற்றறிக்கையாகவும் வெளியிட்டார்கள்.

இந்த இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள்: 178, 245.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். கடன் வாங்கும்போது பிடிக்கிற பிராசஸிங் கட்டணம் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. அது வேறு. அதனால்தான் சில கம்பெனிகள் தண்டத்தையே "சேவைக் கட்டணம்" என்று பெயர் மாற்றி எழுதி வரி சேர்க்கின்றன. பெயரைப் பார்க்காதீர்கள், எதற்காகப் பிடித்தார்கள் என்று பாருங்கள். டியூ தவறியதற்குத் தண்டனையாகப் பிடித்தது என்றால் அது தண்டம்தான்.

இப்போது அந்த விவசாயியின் கணக்கை நேர் செய்வோம். டியூ திரும்பியது இரண்டு முறை, 1,000 ரூபாய். தாமதம் 600 ரூபாய். வரி இல்லை. மொத்தம் 1,600. ஏற்றியது 2,832. கூடுதல் 1,232 ரூபாய். ஒரே தவணையில், ஒரே விவசாயியிடம்! நடவு ஆள் கூலியாக இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதோடு அவருடைய பேங்கும் தன் பங்குக்கு ரிட்டர்ன் கட்டணம் பிடித்திருந்தது. அது ஃபைனான்ஸ் பிடித்ததில் சேராது. பாஸ்புக்கில் தனியாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் புகார் எடுபடாது. 178 ஆம் சுற்றறிக்கை பேங்க் போடுகிற செக் ரிட்டர்ன் அபராதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதைப் பேங்க் கிளையில் தனி மனுவாகக் கேட்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது? 2023 ஆகஸ்ட் 18 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், பழைய கடன்களுக்கு 2024 ஜூன் 30க்குள்ளும் அது அமலுக்கு வந்தது. தவறியதற்கான தண்டத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்து ஏற்றக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும். அந்தத் தண்டத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது. எவ்வளவு, எதற்கு என்பதைக் கடன் பத்திரத்தில் தெளிவாக எழுத வேண்டும். தண்டம் போடும்போது காரணத்தோடு கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கிற கடனுக்கு, எல்லாக் கட்டணமும் அடங்கிய முக்கிய விவரத் தாளை நமக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. தண்டம் நியாயமாக இருக்க வேண்டும் என்று சொன்ன ரிசர்வ் வங்கி, இத்தனை ரூபாய்க்கு மேல் கூடாது என்று உச்ச வரம்பு வைக்கவில்லை. பத்திரத்திலேயே 1,000 என்று எழுதி நாமும் கையெழுத்துப் போட்டிருந்தால், 500 தான் தருவேன் என்று சுலபமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் கையெழுத்துப் போடும் முன்பே அந்த அட்டவணையைப் படிக்கச் சொல்கிறோம். ஊர் வட்டிக்காரரிடம் வாங்கிய கடனுக்கு ரிசர்வ் வங்கி விதி பொருந்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி என்ன செய்வது? கடன் பத்திரத்தின் நகல் கையில் இல்லாதவர்கள் முதலில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கடன் கணக்கு ஸ்டேட்மெண்டையும் கேளுங்கள். பாஸ்புக்கைப் போட்டு வாருங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் கிழியுங்கள். தேதி, பத்திரத்தில் உள்ள தண்டம், பிடித்த தண்டம், சேர்த்த வரி. ஒவ்வொரு டியூவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் கட்டிய 60,000 ரூபாயில் முதலில் தண்டத்தைக் கழித்துக்கொண்டு, தவணையில் பாக்கி என்று காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படிக் காட்டினால் அந்தப் பாக்கிக்கும் மறுபடி தாமதக் கட்டணம் ஓடும்.

கூடுதல் தெரிந்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மனு எழுதுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். பத்திரத்தின் எந்தப் பக்கத்தில் எந்தத் தொகை இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். வரி பிடித்திருந்தால் வரி ரசீது கேளுங்கள். "சர்க்காருக்குக் கட்டிட்டோம்" என்பார்கள். தப்பாகப் பிடித்ததை நமக்குத் திருப்பிக் கொடுக்கட்டும், சர்க்காரிடம் அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. cms.rbi.org.in என்ற இணைய முகவரியில் பதியலாம், தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. மனு போட்டாச்சு என்று அடுத்த தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சண்டை தண்டத்தின் மேல்தான், தவணையின் மேல் இல்லை. தவணை நின்றால் நம் பக்கத்து நியாயமும் நின்றுவிடும்.

நாம் கோருவது:

தண்டத்தின் மேல் பிடித்த ஜி.எஸ்.டி.யைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடு!

பத்திரத்தில் இல்லாத தண்டத்தை ரத்து செய்!

கடன் பத்திரமும் ஸ்டேட்மெண்டும் தமிழில் கொடு!

நெல் கொள்முதல் பணம் வரும் வரை டெல்டா விவசாயியின் டியூ தேதியைத் தள்ளி வை!

ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு, சங்கரன்பந்தல் என்று எந்த ஊராக இருந்தாலும், பரணில் கிடக்கிற கடன் பத்திரத்தை இன்றைக்கே இறக்குங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான்கு கட்டம் போட்ட தாளோடு கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். தனி ஆளாய்ப் போய்க் கேட்டால் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்று திருப்பி அனுப்புவார்கள். ஐம்பது பேர் ஐம்பது தாளோடு போய் நின்றால் அந்தக் கம்ப்யூட்டரும் சரியாகக் கணக்குப் போடும்!