ஹேஷ்டேக்கைச் சுழற்றலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல

எல்லாப் பதிவுக்கும் ஒரே ஹேஷ்டேக்குகளைப் போட்டால் ஸ்பேம் போலத் தெரியுமே என்று, எங்கள் பழைய மாணவர் பக்கத்துக்கு மூன்று தொகுதிகள் எழுதி, கூகுள் ஷீட்டில் `=MOD(A2,3)+1` என்று போட்டுச் சுழல விட்டோம். A2 என்பது பதிவின் இலக்கம். 1, 2, 3 என்று தொகுதிகள் முறை மாறி வந்தன.

ஒருநாள் ஜனாஸா அறிவித்தலின் கீழ் #விளையாட்டுப்போட்டி வந்து நின்றது. குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

சூத்திரத்தில் பிழையில்லை. அதற்கு இலக்கம் மட்டுந்தான் தெரியும், பதிவில் என்ன இருக்கிறதென்று தெரியாது. இப்போது கல்வி, விளையாட்டு என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வைத்து, அந்த வகைக்குள் மட்டும் சுழற்றுகிறோம். ஜனாஸாவுக்கு ஹேஷ்டேக்கே இல்லை.

இன்னொன்று: அதே வாசகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு ஹேஷ்டேக்கை மட்டும் மாற்றினால், வாசிப்பவருக்கு அதுவும் ஸ்பேம்தான்.