ஊக முதலீட்டிற்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

"சேமிப்பில் பத்து சதவீதத்தை மட்டும் கிரிப்டோவில் போடுகிறேன், அது போனாலும் பரவாயில்லை" என்று நம் இளைஞர்கள் சொல்வதை இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. முழுச் சேமிப்பையும் இறக்கியவர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ நிதானமான பேச்சுதான். எனினும் அந்தப் பத்து சதவீதம் எதிலிருந்து கணக்கிடப்படுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் வங்கிக் கணக்கில் தெரியும் மொத்தத் தொகையையே காட்டுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுவோம். தொகை சிறியது என்பதால் ஹராமானது ஹலால் ஆகிவிடாது. சூதாட்டம் (மைஸிர்) திருக்குர்ஆனின் 5:90ஆம் வசனத்தில் மதுவோடு சேர்த்துத் தடுக்கப்பட்டுள்ளது. நூறு ரூபாய்ச் சூதுக்கும் லட்ச ரூபாய்ச் சூதுக்கும் அதில் வேறுபாடில்லை. ஆகவே நாணயத்தின் விலை அடுத்த ஐந்து நிமிடத்தில் ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டும் செயலிகளுக்கு இக்கட்டுரையில் இடமில்லை. இங்கே பேசப்போவது, மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளவற்றையும், அடிப்படையில் ஆகுமானவையாக இருந்தும் நிச்சயமின்மை மிகுந்தவற்றையும் பற்றியே. கிரிப்டோ முதல் வகையைச் சேர்ந்தது. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்காயின் வணிகம் கூடாது என்றது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழு 2020இல் அனுமதிக்கப்பட்ட தளங்களில் அதை வாங்கி விற்கலாம் என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட பொருளாக மட்டும் ஏற்றது. ஹலாலான தொழில் செய்யும் சிறு நிறுவனத்தின் பங்கை, யாரோ சொன்ன 'டிப்ஸை' நம்பி வாங்குவது இரண்டாம் வகை. எக்கருத்தைப் பின்பற்றுவது என்பதை அவரவர் தம் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆகும் என்ற முடிவுக்கு வந்தவரின் முன் அப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது: எவ்வளவு?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். துபாயில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். இப்போது ஊரில் சிறு கடை. வங்கியில் 14 லட்சம் ரூபாய் இருக்கிறது. மாதச் செலவு 35,000 ரூபாய். செலவு போக மாதம் 5,000 ரூபாய் மிஞ்சுகிறது. மொத்தத்தில் பத்து சதவீதம் என்றால் 1,40,000 ரூபாய். இதைத்தான் அவர் "போனாலும் பரவாயில்லை" என்கிறார்.

அந்த 14 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். தங்கை நம்பிக் கொடுத்துவைத்த ஒரு லட்சம் அதில் இருக்கிறது. அது அமானிதம், அவருடைய பணமே அன்று. மச்சானிடம் வாங்கிய கைக்கடன் ஒன்றரை லட்சம். பெற்றோரின் ஹஜ்ஜுக்காகச் சேர்த்தது 5 லட்சம். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அடுத்த இரண்டாண்டில் தேவைப்படுவது 3 லட்சம். நோய், கடை முடக்கம் போன்றவற்றுக்கு ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருப்பதென்றால் 2,10,000 ரூபாய். இவற்றின் கூட்டு 12,60,000. மீதி 1,40,000.

இன்னும் ஸகாத் இருக்கிறது. தங்கையின் பணத்தை நீக்கினால் அவருடைய செல்வம் 13 லட்சம். கடனைக் கழித்துக் கணக்கிடலாமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. பேணுதலாகக் கழிக்காமலே பார்த்தால் இரண்டரை சதவீதம் 32,500 ரூபாய். (வீட்டு நகைகளின் ஸகாத் தனி விவாதம், அதை இங்கே எடுக்கவில்லை.) இதையும் கொடுத்த பின் எவருடைய உரிமையும் எந்தத் தேதியும் ஒட்டியிராத பணமாக அவரிடம் எஞ்சுவது 1,07,500 ரூபாய் மட்டுமே.

ஆக, 1,40,000 ரூபாயை இறக்க நினைத்தவர் தம்மிடம் இருக்கும் சுதந்திரமான பணத்தைவிட அதிகமாக இறக்கப் பார்த்திருக்கிறார். மிகுதி 32,500 ரூபாய் தங்கையின் அமானிதத்திலிருந்தோ பெற்றோரின் ஹஜ் பணத்திலிருந்தோ ஏழைகளின் ஹக்கிலிருந்தோதான் போயிருக்கும். ஒரே வங்கிக் கணக்கில் எல்லாம் கலந்து கிடப்பதால் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

பத்தில் ஒன்று என்ற அளவை நான் ஏற்கிறேன். ஆனால் அது இந்தக் கடைசி எண்ணின் மேல் வர வேண்டும். இவரைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 10,000 ரூபாய். சிரிப்பு வரலாம். ஆனால் முழுதும் அழிந்தாலும் இரண்டு மாத மிச்சத்தில் அதை ஈடுசெய்துவிடலாம். 1,40,000 அழிந்தால் இருபத்தெட்டு மாதம் ஆகும்; அதற்குள் கல்லூரிக் கட்டணத் தேதி வந்துவிடும். "தாங்கக்கூடிய இழப்பு" என்பதை மன தைரியத்தால் அளக்காமல் இப்படி மாதங்களால் அளப்பதே சரி.

முழுதும் அழியுமா என்று கேட்போருக்கு லூனா நாணயம் ஒன்றே போதும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர் அளவில் விற்ற அது, இரண்டு வாரங்களுக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. நாணயம் பிழைத்தாலும் அதை வைத்திருக்கும் தளம் கவிழலாம்: 2024 ஜூலையில் வஸீர்எக்ஸ் தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்பிலான நாணயங்கள் திருடப்பட்டபோது, பயனாளர்கள் தம் நாணயங்களைப் பல மாதங்கள் வெளியே எடுக்க முடியாமல் தவித்தனர்.

சிலர், "விலை இறங்கத் தொடங்கியதும் விற்றுவிடுவேன், எனவே அதிகம் போட்டாலும் ஆபத்தில்லை" என்பார்கள். பங்கு டிப்ஸ் எவ்வாறு நடக்கிறது என்று அறிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒருவன் அதிகம் கைமாறாத சிறு நிறுவனப் பங்கைத் தேர்ந்தெடுத்து, 8 ரூபாய் விலையில் அமைதியாக வாங்கிக் குவிக்கிறான். பின்பு டெலிகிராம் குழுவிலும் யூடியூபிலும் அதைப் புகழ்ந்து செய்தி பரப்புகிறான். இத்தகைய பங்குகளுக்கு ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாதென்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும். நாள்தோறும் அந்த வரம்பைத் தொட்டு 'அப்பர் சர்க்யூட்' ஆகும்போது, சொன்னது பலிக்கிறதே என்று மக்கள் நம்புகிறார்கள். ஒரு மாத வணிக நாட்களில் விலை 20 ரூபாயை எட்டுகிறது. நம்மவர் அப்போதுதான் வாங்குகிறார். அவருக்கு விற்பவன் முதலில் 8 ரூபாய்க்கு வாங்கியவனே.

அவன் விற்று முடித்ததும் வாங்க ஆளில்லை. இப்போது அதே வரம்பு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. காலையில் சந்தை திறந்ததும் விலை 5 சதவீதம் இறங்கி 'லோயர் சர்க்யூட்'டில் நிற்கும். விற்போர் வரிசை நீளமாக இருக்கும், வாங்குவோர் பக்கம் வெறுமையாக இருக்கும். விற்கச் சொல்லி நாம் கொடுத்த ஆணை அந்த வரிசையில் கடைசியில் காத்திருக்கும். இப்படிப் பத்து நாள் போனால் 20 ரூபாய் 12 ரூபாயாகிவிடுகிறது, ஒரு பங்கைக்கூட விற்க முடியாமலேயே. 'ஸ்டாப் லாஸ்' இட்டிருந்தாலும் எதிரே வாங்குபவர் இல்லையேல் அது வெறும் எழுத்துதான். வெளியேறும் வழி பிறர் கையில் இருப்பதால்தான், உள்ளே நுழையும்போதே தொகையைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. யூடியூப் காணொளிகள் வழியே இவ்வாறு விலையேற்றிய குற்றச்சாட்டில் செபி 2023 மார்ச்சில் பலரைச் சந்தையிலிருந்து தடை செய்ததும் நினைவிருக்கலாம். டிப்ஸ் தருபவர் செபியில் பதிவுபெற்ற ஆய்வாளரா என்பதை அதன் இணையதளத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஒதுக்கிய அளவு உடையும் இடம் இதன் பிறகு வருகிறது. 20 ரூபாய்க்கு 500 பங்குகள் வாங்க 10,000 ரூபாய் ஆயிற்று. விலை 12க்கு வந்ததும், "இன்னும் 10,000 போட்டால் சராசரி விலை 15 ஆகிவிடும், 15ஐத் தொட்டாலே தப்பித்துவிடலாம்" என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்கு தவறில்லை. ஆனால் விலை 6க்கு வந்தால், போட்ட 20,000இல் மிஞ்சுவது 8,000தான், நஷ்டம் 12,000. முழுதும் போனாலும் பரவாயில்லை என்று முதலில் ஒதுக்கிய தொகையையே அது தாண்டிவிட்டது. அடுத்து நகைக்கடன் வாங்கும் யோசனை வரும். மனைவியின் மஹரும் நகையும் அவருடைய சொத்து என்பதும், அடகுக்கடைக்காரர் கேட்பது வட்டி என்பதும் அந்நேரத்தில் மறந்துபோகும். ஆகவே ஒதுக்கீட்டை சதவீதமாக அன்றி ரூபாயாக எழுதி வைத்து, ஓராண்டுக்கு அதில் ஒரு ரூபாயும் கூட்டுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. அதற்கெனத் தனி வங்கிக் கணக்கு இருப்பது இன்னும் நல்லது.

கிரிப்டோவில் இந்தியச் சட்டமும் ஊகத்துக்கு எதிரான பக்கமே சாய்ந்து நிற்கிறது. 2022 ஏப்ரல் முதல் அதன் லாபத்திற்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் 50,000 ரூபாய் லாபமும் இன்னொன்றில் 50,000 ரூபாய் நஷ்டமும் வந்தால் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும் செஸ்ஸோடு சேர்த்து 15,600 ரூபாய் வரி கட்ட வேண்டும். பத்து நாணயங்களில் பிரித்துப் போட்டால் பாதுகாப்பு என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியை தர்மம் செய்துவிட வஸிய்யத் கேட்டதையும், நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தி, அதுவே அதிகம் என்றதையும் நாம் அறிவோம். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடப்படக் கூடாது என்பதே அங்கே சொல்லப்பட்ட காரணம். அந்தச் சட்டம் மரண சாசனத்திற்கானது. முதலீட்டிற்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மறுமை நன்மை உறுதியாகக் கிடைக்கும் தர்மத்திலேயே குடும்பத்தின் உரிமைக்காக வரம்பு இடப்பட்டதென்றால், டெலிகிராம் செய்தியை நம்பி இறக்கும் பணத்துக்கு வரம்பு எங்கே நிற்க வேண்டும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வாரிசு என்றதும் இன்னொன்று. ஒதுக்கிய அந்தச் சிறு தொகை எந்தத் தளத்தில், எந்தப் பெயரில் இருக்கிறது என்பது பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது. டீமேட் கணக்கு என்றால் நியமனதாரரைப் பதிவு செய்யலாம். சொந்த வாலட்டில் வைத்த நாணயத்திற்கு அதுவும் இல்லை. மீட்புச் சொற்கள் போனால் நாணயமும் போயிற்று. அவற்றைத் தாளில் எழுதி, வஸிய்யத் பத்திரம் இருக்கும் உறையிலேயே வைத்து, எங்கிருக்கிறது என்பதை மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள்.