நாலு ரூபாய் வித்தியாசம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், காலை ஒன்பதே காலுக்கு மணி அடித்தால் கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறார். அம்பத்தூரில் சைக்கிளும் ஆவடியில் குழாயும் செய்து வளர்ந்த கம்பெனி என்ற பாசம்தான் காரணம். போன வாரம் கேட்டார்: "என்.எஸ்.இ.ல 3,000 ரூபா, பி.எஸ்.இ.ல 3,004. அங்க வாங்கி இங்க வித்தா காசுதானே சார்? ஏன் யாரும் பண்ண மாட்டேங்கறாங்க?"

பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த வேலைக்குப் பெயர் ஆர்பிட்ரேஜ். மலிவான சந்தையில் வாங்குகிறவர்கள் அங்கே விலையை ஏற்றுகிறார்கள். அதே பங்கைப் பக்கத்துச் சந்தையில் விற்று அங்கே விலையை இறக்குகிறார்கள். எந்தச் சந்தையில் வாங்கினாலும் பங்கு ஒரே டீமேட் கணக்கில்தான் வந்து விழுகிறது என்பதால் இது நடக்கிறது. பெரிய தரகு நிறுவனங்களின் கணினிகள் கண் இமைக்கும் முன் இதைச் செய்துவிடும்.

அப்படியானால் அந்த நாலு ரூபாயை ஏன் விட்டுவைத்தார்கள்? நண்பரிடம் 100 பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அதை பி.எஸ்.இ.யில் விற்று, என்.எஸ்.இ.யில் திரும்ப வாங்குகிறார். வரவு 400 ரூபாய். இனி செலவு. ஒரே நாளில் நடந்தாலும் சந்தை வேறு வேறு என்பதால் இரண்டுக்கும் டெலிவரிக் கணக்கில்தான் பங்குப் பரிவர்த்தனை வரி: வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். மூன்று லட்சத்துக்கு 300, இன்னொரு 300. இங்கேயே 200 ரூபாய் நஷ்டம். முத்திரை வரி 0.015 சதவீதம், அதாவது 45 ரூபாய். சந்தைக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து இன்னும் இருபது சொச்சம். தரகே வேண்டாம் என்று சொல்லும் புண்ணியவான் கிடைத்தாலும் பங்குக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் செலவு. ஆக, வித்தியாசம் அந்த எல்லையைத் தாண்டினால்தான் யாருக்கும் கை நீளும். கோயம்பேட்டுத் தக்காளிக்கும் ஆவடித் தக்காளிக்கும் நடுவே லாரி வாடகை நிற்பதுபோல, இங்கே வரி நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதிகம் கைமாறும் பங்குகளில் வித்தியாசம் அந்த ஆறரை ரூபாய் அளவுக்குக்கூடப் போவதில்லை, பெரும்பாலும் சில்லறைதான். காரணம், இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிற ஆர்பிட்ரேஜ்காரர் அல்ல. எப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்று வருகிறவர் எந்தச் சந்தையில் வாங்கினாலும் வரி கட்டியாக வேண்டும். அவருக்கு வரி ஒரு தடையே அல்ல. பத்துக் காசு குறைவு என்றாலும் அந்தச் சந்தைக்குப் போவார். எங்கே மலிவோ அங்கே ஆர்டரைத் தானாக அனுப்பும் முறையை செபி 2010-ல் அனுமதித்தது. பெரிய நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. விலையைச் சமமாக வைத்திருப்பதில் இந்தச் சாதாரண வாங்குபவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

பின்னே நண்பர் பார்த்த நாலு ரூபாய்? அது பாதி மாயை. திரையில் தெரிவது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. பி.எஸ்.இ.யில் கைமாறுவது குறைவு என்பதால் அந்த 3,004 சில நிமிடம் பழையதாக இருக்கலாம். பாடி வீல்ஸ் இந்தியா மாதிரி அதிகம் கைமாறாத பங்குகளில் இது இன்னும் சகஜம். உண்மையைத் தெரிந்துகொள்ள, மலிவான சந்தையில் விற்க நிற்பவர் கேட்கும் விலையையும், மற்றதில் வாங்க நிற்பவர் தரும் விலையையும் பார்க்க வேண்டும். பார்த்தோம். என்.எஸ்.இ.யில் கேட்டது 3,000.50, பி.எஸ்.இ.யில் தருவதாக நின்றது 3,000. வித்தியாசமே இல்லை, போதாக்குறைக்கு ஐம்பது காசு நஷ்டம். சில நேரம் நல்ல விலை நிற்கும்; ஆனால் ஐந்தே பங்குக்கு நிற்கும்.

ஒரு காலை ஊன்றி மறு காலை எடுப்பதற்குள் சந்தையே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாறால் என்.எஸ்.இ. காலை 11.40-க்கு நின்றது, மாலை 3.45-க்குத்தான் திரும்ப ஓடியது. பி.எஸ்.இ.யில் விற்றுவிட்டு என்.எஸ்.இ.யில் வாங்கக் காத்திருந்தவர் நாலு மணி நேரம் வெறுங்கையோடு இருந்திருப்பார். அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு, அதுவும் வித்தியாசத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நண்பருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆர்பிட்ரேஜ் செய்யப் போகாதீர்கள். வாங்குவது என்று முடிவெடுத்த நாளில் இரண்டு சந்தையிலும் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்துவிட்டு, குறைவான இடத்தில் வாங்குங்கள். வரி எப்படியும் போகத்தான் போகிறது. அந்தச் சில்லறையாவது மிஞ்சட்டும்.