மேகக் கணிமை இருக்கையில் ஆலைக்குள் மூன்று கணினிகள் ஏன்?

பெங்களூரு: அமேசான் நிறுவனத்தின் மேகக் கணிமை மண்டலங்கள் இந்தியாவில் மும்பையிலும் (2016) ஹைதராபாதிலும் (2022) அமைந்துள்ளன, பெங்களூரில் இல்லை.

பீன்யா தொழிற்பேட்டையில் ஓர் ஆலை, பழுதான பாகங்களைக் கேமரா மூலம் கண்டறிவதாகக் கொள்வோம். 1,000 கி.மீ. ஒளியிழையில் தகவல் சென்று திரும்ப 10 மில்லி விநாடி ஆகும். அதற்குள், விநாடிக்கு 1 மீட்டர் நகரும் பட்டையில் பாகம் 1 செ.மீ. நகர்ந்திருக்கும். இதை ஈடுசெய்துவிடலாம். சாலை தோண்டும்போது கேபிள் அறுந்தால்தான் (இந்நகரில் அது அரிதன்று) உற்பத்தியே நிற்கும்.

எனவே கணிப்பணி ஆலைக்குள்ளேயே வைக்கப்படுகிறது. அமெரிக்க உணவகத் தொடரான சிக்-ஃபில்-ஏ, ஒவ்வொரு கிளையிலும் மூன்று சிறு கணினிகளை நிறுவியது. இரண்டு மட்டும் இருந்து தொடர்பு அறுந்தால், எது செயலிழந்தது என இரண்டாலும் தீர்மானிக்க இயலாது. மூன்றில் ஒன்று போனாலும் பெரும்பான்மை எஞ்சும்.

மண்டலத்தில் பழுதான இயந்திரத்தை மாற்றப் பணியாளர்கள் உண்டு; ஆலையில் இல்லை. ஒன்று செயலிழந்தும் பணி தடையின்றி நடப்பதால், அது எவர் கண்ணிலும் படுவதில்லை. இரண்டாவதும் நின்றால் பெரும்பான்மை போய்விடும். எஞ்சிய கணினி புதிய மாற்றங்களை ஏற்காது. மூன்றும் இயங்குகின்றனவா எனத் தலைமையகம் நாள்தோறும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்திருந்தால் அந்த எண்ணிக்கையும் பயன்தராது.