12 லட்சமா, 9 லட்சமா... கையில் நிற்பது எது?

பெங்களூருவில் 12 லட்சம், கோவையில் 9 லட்சம். இரண்டு ஆஃபரும் கையில் இருந்தால், பலரும் யோசிக்காமல் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள். கொஞ்சம் பொறுங்க!

அது சி.டி.சி, கைக்கு வரும் சம்பளம் அல்ல. பெங்களூரு ஆஃபரில் 1.2 லட்சம் வேரியபிள் பே, இரண்டிலும் பேசிக் பாதி என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாமே அந்த 12 லட்சத்துக்குள் அடக்கம். ஊழியரின் பி.எஃப் பங்கும் போனால், மாதம் கைக்கு வருவது சுமார் 75,000 ரூபாய். வேரியபிள் இல்லாத கோவை ஆஃபரில் 64,000. புதிய வரிமுறையில் (2025-26) 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் இரண்டிலும் வரி பூஜ்யம்.

இனி செலவு. பெங்களூருவில் வாடகை 22,000, போக்குவரத்து 5,000 என்றால் மிச்சம் 48,000. கோவையில் வாடகை 11,000, பெட்ரோல் 2,000 போக 51,000!

பெங்களூருவில் பி.எஃப் சேமிப்பு மாதம் 3,000 கூடுதல் என்பதையும் சேர்த்தால், இரண்டும் சமம். தராசைச் சாய்ப்பது வேரியபிள் மட்டுமே. ஆகவே, எச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி: ‘போன வருஷம் வேரியபிள் எத்தனை சதவிகிதம் கொடுத்தீங்க?’ பதில் மழுப்பலாக வந்தால், அதைப் பூஜ்யம் என்றே கணக்கு எழுதுவது நல்லது.